தயிர் புளித்துவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்!

எங்கள் தோட்டத்து லயத்தில் ஓர் அம்மாள் ஒரு நாள் மாலை தூக்குச்சட்டியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "டீச்சர், புது ஐஸ்பெட்டி வாங்கியும் பயன் இல்லை. நேற்று உறை ஊற்றிய தயிர் இன்றைக்கே பல்லைக் கூசுகிறது. பிள்ளைகள் தொட மாட்டேன் என்கின்றன. இந்த வாரத்தில் இரண்டு முறை சாக்கடையில் கொட்டிவிட்டேன்" என்றார்.

குறை ஐஸ்பெட்டியில் இல்லை. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மாலையில் வாங்கும் பாலைக் காய்ச்சி, இரவு 8 மணிக்கு உறை ஊற்றுவார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார். வேலை முடிந்து பகல் 2 மணிக்கு வந்த பிறகுதான் தயிரை ஐஸ்பெட்டியில் வைப்பார். ஆக, தயிர் 18 மணி நேரம் வெளியிலேயே இருந்திருக்கிறது!

தயிரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பாலிலுள்ள சர்க்கரையை அவை புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பினால்தான் பால் உறைகிறது. உறைந்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பால் உறைந்துவிடும். அதற்கு மேல் வெளியில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்புதான் ஏறும். குளிர் அந்த வேலையை மெதுவாக்குமே தவிர, ஏறிவிட்ட புளிப்பை இறக்காது. (கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் உறைவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும்.)

அந்த அம்மாளுக்கு நான் சொன்ன வழி இதுதான். மாலைப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, அப்படியே ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மீண்டும் ஒரு கொதி விட்டு, விரல் சூடு பொறுக்கும் பதத்துக்கு ஆற்ற வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி தயிர் போதும். சீக்கிரம் உறையட்டும் என்று கரண்டி கரண்டியாக உறை ஊற்றினால் புளிப்பும் சீக்கிரம் வரும். உறையையும் புளித்த தயிரிலிருந்து எடுக்காமல், புதுத் தயிரிலிருந்தே எடுத்து வையுங்கள்.

இரவு 8 மணிக்குப் பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஓடாமல் கட்டியாக நின்றால் உடனே ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பக் காற்று படும். உள்தட்டின் பின்பக்கம்தான் நல்ல குளிர். மூடியும் அவசியம், இல்லையேல் தயிரில் பெலாச்சான் வாடையும் டுரியான் வாடையும் ஏறிவிடும். எடுக்கும் கரண்டி சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். இப்படி வைத்தால் மூன்று நான்கு நாள் வரை சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம்.

அதற்குள் கொஞ்சம் புளித்துவிட்டால், தயிரைக் கலக்காமல் அதன் மேல் குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் ஐஸ்பெட்டியில் வையுங்கள். பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். புளிப்பில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும்.

நன்றாகவே புளித்துவிட்டதா? அதுதான் மோர்க்குழம்புக்கு ஏற்ற தயிர். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இவற்றோடு மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், சிறு துண்டு இஞ்சி, ஒரு பிடி தேங்காய்த் துருவல் சேர்த்து மைய அரையுங்கள். வெண்பூசணித் துண்டுகளை மஞ்சள்தூள், உப்புப் போட்டு வேகவைத்து, அரைத்ததைச் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். அடுப்பை நன்றாகத் தணித்த பிறகே, இரண்டு கோப்பைத் தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் தயிர் திரிந்து, நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும். அரிசியும் பருப்பும் சேர்ப்பதே இப்படித் திரியாமல் பிடித்து வைக்கத்தான். கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் குழம்பு தயார்.

ஒன்றை மறக்க வேண்டாம். புளித்த தயிர் வேறு; கெட்ட தயிர் வேறு. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்திருந்தால், இளஞ்சிவப்பு நிறம் தட்டியிருந்தால், கசந்தால், நூல் போல இழுத்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது.

போன வாரம் அந்த அம்மாள் மீண்டும் தூக்குச்சட்டியோடு வந்தார். உள்ளே மோர்க்குழம்பு. "டீச்சர், இப்போது தயிர் புளிப்பதே இல்லை. குழம்புக்காக ஒரு கோப்பையை வேண்டுமென்றே வெளியில் வைத்தேன்" என்று சிரித்தார்.