உதடு முந்துகிறதா, ஒலி முந்துகிறதா? சவுண்ட்பார் தாமதத்தைச் சரிசெய்யும் வழி

செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி வாயை மூடிவிடுகிறார். அதன் பிறகே அந்த வணக்கம் சவுண்ட்பாரிலிருந்து கேட்கிறது. ரிமோட்டை எடுத்துத் தேடினால் AV Sync, Lip Sync, Audio Delay என்று ஏதோ ஒரு பெயரில் ஓர் எண் இருக்கும். அதைக் கூட்டிப் பார்க்கிறோம். நிலைமை இன்னும் மோசமாகிறது. அந்த எண் ஒலியை நிறுத்தி வைத்துத் தாமதமாக அனுப்புவதற்காக வைக்கப்பட்டது. ஏற்கெனவே பிந்தி வரும் ஒலியை அதனால் முன்னுக்கு இழுக்க முடியாது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படம் முந்துகிறதா, ஒலி முந்துகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒலி திரும்பி வரும் பாதை

எச்டிஎம்ஐ கேபிள் முதலில் ஒரே திசையில்தான் வேலை செய்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து படமும் ஒலியும் டிவிக்குப் போகும், அவ்வளவுதான். டிவியின் ஒலியை வெளியே எடுக்கத் தனியாக ஆப்டிகல் கேபிள் போட வேண்டியிருந்தது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, அதே கேபிளில் ஒலி எதிர்த் திசையிலும் வர வழி செய்தது. அதற்குப் பெயர் ஆடியோ ரிட்டர்ன் சேனல், சுருக்கமாக ஆர்க். கேபிளின் 19 முனைகளில் 14ஆவது முனை இந்த வேலையைச் செய்கிறது.

டிவியின் பின்புறம் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே ARC அல்லது eARC என்று அச்சிட்டிருக்கும். கேபிளின் ஒரு முனை அதில்தான் செருகப்பட வேண்டும். மறுமுனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிவியின் ஒலி சவுண்ட்பாருக்குள் வருகிறது என்பதால் HDMI IN என்று எழுதிய துளையைத் தேடிச் செருகிவிடுகிறார்கள். செருக வேண்டியது HDMI OUT அல்லது TV OUT என்று எழுதி, பக்கத்தில் ARC என்று குறித்திருக்கும் துளையில். படம் டிவிக்கு வெளியேறும் துளை அது. திரும்பி வரும் ஒலியும் அதன் வழியாகவே நுழைகிறது.

அடுத்தது டிவியின் அமைப்புகள். ஆர்க் இயங்க, கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சிஇசி என்ற வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் அழைக்கிறது: சாம்சங் டிவியில் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync. அதை இயக்கிவிட்டு, ஒலி வெளியீட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து எச்டிஎம்ஐ ஆர்க்குக்கு மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடங்கள் கழித்து மறுபடி செருகிப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தால் கருவி உறங்கத்தான் செய்யும். சிக்கிக்கொண்ட சிஇசி பேச்சு அழிந்து புதிதாகத் தொடங்க, மின்சாரமே துண்டிக்கப்பட வேண்டும்.

ஒலி ஏன் பிந்துகிறது?

இன்றைய டிவி படத்தை வந்த வேகத்தில் திரையில் போடுவதில்லை. சில காட்சிச் சட்டங்களைச் சேர்த்து வைத்து, தெளிவாக்கி, அசைவை மென்மையாக்கிய பிறகே காட்டுகிறது. தன் படம் எவ்வளவு தாமதமாகிறது என்பது டிவிக்குத் தெரியும் என்பதால், தன் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையும் அதே அளவு நிறுத்தி வைக்கிறது. அங்கே இரண்டும் பொருந்திவிடும்.

சவுண்ட்பார் வந்ததும் அந்தக் கணக்கு மாறுகிறது. ஒலி டிவியை விட்டு வெளியேறிய பிறகும் அதற்கு வேலை மிச்சமிருக்கிறது. டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கப்பட்ட ஒலி பொட்டலம் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலத்தில் 1536 மாதிரிகள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வழக்கமான கணக்கில் அது 32 மில்லி விநாடி நீள ஒலி. பொட்டலத்தைப் பெற்றுப் பிரித்த பிறகே சவுண்ட்பார் ஒலிக்க முடியும். செட்டாப் பாக்ஸ் சாதாரண ஸ்டீரியோ தந்தாலும் அதை டால்பியாகச் சுருக்கி அனுப்பும் டிவிகள் உண்டு. அப்போது பொட்டலம் கட்ட ஒரு காத்திருப்பு, பிரிக்க இன்னொரு காத்திருப்பு. அதன் மேல் சவுண்ட்பார் தன் பங்குக்கு சரவுண்ட் விளைவு சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

ஒளி ஒலியைவிட வேகமானது. மின்னலைப் பார்த்த பிறகே இடியைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆகவே ஒலி சற்றுப் பிந்துவதை மூளை பொறுத்துக்கொள்கிறது. முந்துவதை அவ்வளவு பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை இதற்கு அளவு சொல்கிறது: ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர் அதை உணரத் தொடங்குகிறார். பிந்தும் ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. 125க்கு நன்றாகக் கீழே கொண்டுவந்தால் போதும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

செட்டாப் பாக்ஸ் டிவியில் செருகப்பட்டிருக்கிறது. டிவியிலிருந்து ஆர்க் வழியாக சவுண்ட்பாருக்கு ஒலி போகிறது. செய்திச் சேனலில் உதடு முந்துகிறது.

முதல் வேலை, ஒலியை டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிப் பார்ப்பது. அங்கேயும் பிசகினால், மற்றச் சேனல்களையும் பார்க்க வேண்டும். ஒரே சேனலில் மட்டும் பிசகினால் அது அங்கிருந்தே வரும் பிழை. நம் வீட்டில் எதையும் மாற்றக் கூடாது. இந்த வீட்டில் டிவி ஸ்பீக்கரில் சரியாக இருக்கிறது. எனவே தாமதம் ஆர்க் பாதையில்தான் சேர்கிறது.

அடுத்து அளவெடுக்க வேண்டும். கைபேசியை டிவிக்கு அருகே வைத்து, விநாடிக்கு 60 சட்டங்கள் வேகத்தில் வீடியோ எடுங்கள். தொலைவில் நின்றால் ஒலி காற்றைக் கடக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும். 3 மீட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லி விநாடி. ஒலியின் அலைவடிவம் காட்டும் வீடியோ எடிட்டிங் செயலியில் அதைத் திறந்து, செய்தி வாசிப்பவர் 'ப' சொல்லும் இடத்தைத் தேடுங்கள். உதடு முழுவதும் ஒட்டி, பிரியும்போது ஒலி வெடிக்கும் எழுத்து அது. உதடு பிரியும் சட்டத்துக்கும் அலை எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை சட்டங்கள் என்று எண்ணினால், ஒவ்வொன்றும் சுமார் 17 மில்லி விநாடி. டிவி ஸ்பீக்கரில் ஒரு முறையும் சவுண்ட்பாரில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிட்டால், கைபேசியின் சொந்தப் பிசகு கழிந்துவிடும். ஒன்றிரண்டு சட்டம் கூடக் குறையத்தான் கிடைக்கும். நம் தேவைக்கு அது போதும்.

இந்த வீட்டில் வித்தியாசம் 9 சட்டங்கள், அதாவது 150 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிவியிலும் சவுண்ட்பாரிலும் உள்ள தாமத எண்களைப் பார்க்கிறோம். சவுண்ட்பாரில் யாரோ எப்போதோ 50 என்று வைத்திருக்கிறார்கள். அதைப் பூஜ்யமாக்கியதும் மிச்சம் 100. அடுத்து டிவியின் Digital Audio Output அமைப்பு. அது Auto என்று இருக்கிறது. PCM என்று மாற்றுகிறோம். இனிப் பொட்டலம் கட்டுவதும் பிரிப்பதும் இல்லை. ஒலி அப்படியே போகிறது. மிச்சம் 50. கடைசியாக சவுண்ட்பாரின் ஒலி முறையை சரவுண்டிலிருந்து சாதாரணத்துக்கு மாற்றினால் 35 அளவுக்கு இறங்குகிறது. இனி யார் கண்ணுக்கும் அது தெரியாது. எண்கள் கருவிக்குக் கருவி மாறும். ஆனால் முதலில் சேர்த்து வைத்த தாமதத்தை எடுப்பது, பிறகு ஒலியின் வேலையைக் குறைப்பது என்ற வரிசை மாறாது.

PCM முறைக்கு ஒரு விலை உண்டு. ஆர்க் வழியாக அது இரண்டு சேனல் ஸ்டீரியோ மட்டுமே தரும். படத்தில் பின்னால் வர வேண்டிய ஒலி பின்னால் வராது. செய்திக்கும் தொடருக்கும் பழைய பாட்டுக்கும் இதனால் இழப்பில்லை. பின்புற ஸ்பீக்கர்களோடு படம் பார்ப்பவர் Auto அல்லது Pass Through முறைக்குத் திரும்பி, மிச்சமுள்ள தாமதம் உறுத்துகிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். டிவி கேம் மோடில் இருக்கிறதா என்பதையும் அப்போது கவனியுங்கள். அந்த முறையில் படம் மிக விரைவாகத் திரைக்கு வருவதால், சவுண்ட்பாரின் தாமதம் மேலும் பளிச்சென்று தெரியும்.

பாதையை மாற்றினால்

இவ்வளவும் செய்து ஒலி இன்னும் பிந்தினால், செட்டாப் பாக்ஸை டிவியிலிருந்து கழற்றி, ரிசீவர் அல்லது சவுண்ட்பாரின் HDMI IN துளையில் செருகுங்கள். இப்போது ஒலி அங்கேயே பிரிந்து உடனே ஒலிக்கும். படம் மட்டும் டிவிக்குப் போய்ப் பதப்பட்டு வரும். எனவே பெரும்பாலும் ஒலி முந்தும். முந்தும் ஒலிக்குத்தான் அந்தத் தாமத எண் இருக்கிறது. 20 மில்லி விநாடியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, 'ப'வும் உதடும் சேரும் இடத்தில் நிறுத்தலாம். 4கே படம் என்றால் அதைத் தாண்டவிடும் திறன் சவுண்ட்பாருக்கு இருக்க வேண்டும். HDMI IN துளையே இல்லாத மலிவான சவுண்ட்பார்களில் இந்த வழி கிடையாது. டிவிக்குள்ளேயே ஓடும் யூடியூப் போன்ற செயலிகளுக்கும் இது உதவாது. அவற்றின் ஒலி டிவியில் பிறப்பதால் ஆர்க் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அத்தகைய வீடுகளுக்கு உதவுவது, 2017இல் எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த இ-ஆர்க். அது விநாடிக்கு 37 மெகாபிட் வரை கொண்டுவரும் என்பதால், சுருக்காத பல சேனல் ஒலிக்கும் இடமிருக்கிறது. உதட்டசைவுப் பொருத்தமும் அதன் விதியிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது: தன் தாமதம் எவ்வளவு என்று சவுண்ட்பார் டிவிக்குச் சொல்கிறது, டிவி அதற்கேற்பப் பொருத்துகிறது. இரண்டு கருவிகளிலும் இ-ஆர்க் இருந்தால்தான் இது நடக்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் இணைப்பு பழைய ஆர்க்காகவே இயங்கும். வாங்கும்போது டிவியின் துளையையும் சவுண்ட்பாரின் துளையையும் சேர்த்துப் பார்த்து, இரண்டிலும் eARC என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.