லாரியின் உள்பக்க டயரில் தொடங்கும் இழப்பு: ஹேவ்லாக்கிலும் நாமக்கல்லிலும் கணக்கு வேறுபடுவது ஏன்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை வரை செல்லும் சாலையின் நீளம் சுமார் 12 கிலோ மீட்டர்தான். 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இத்தீவில் சரக்கு லாரி ஒன்று நாள்தோறும் இரண்டு நடை சென்று திரும்பினாலும் ஓட்டம் 50 கி.மீ.யைத் தாண்டாது. நாமக்கல்லிலிருந்து வட மாநிலங்களுக்குச் செல்லும் லாரியோ ஒரே நாளில் 400 கி.மீ. ஓடிவிடுகிறது. இரண்டிலும் உருள்வது ஒரே வகை டயர்தான். ஆனால், அதைப் பராமரிக்கத் தவறினால் ஏற்படும் இழப்பு ஓரிடத்தில் டீசலிலும் மற்றோரிடத்தில் டயரின் உடலிலும் வெளிப்படுகிறது.

ஆறு சக்கர லாரியின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள் இருக்கும். இவற்றுள் பெரும்பாலும் கவனிப்பின்றி விடப்படுவது உள்பக்க டயர். அதன் வால்வை எட்டுவது கடினம். காற்று குறைந்தாலும் வெளிப்பக்க டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் வண்டி சாய்வதில்லை. இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்டுக் காற்றைக் கணிக்கும் வழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. முற்றிலும் காற்றிறங்கிய டயரை இம்முறை காட்டிக் கொடுக்கும். 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 85 மட்டுமே இருப்பதைக் காட்டாது. அதற்கு அளவுமானியே வேண்டும்.

எந்தக் குறையும் இல்லாத டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ரப்பர் வழியே கசிந்துவிடும். எனவே நான்கைந்து மாதங்கள் பார்க்காமல் விட்டாலே, ஆணி குத்தாமலேயே 10 பிஎஸ்ஐ குறைந்துவிட வாய்ப்புண்டு. வால்வு மூடி இல்லாவிட்டால் மணலும் உப்பு ஈரமும் வால்வுக்குள் சென்று கசிவை விரைவுபடுத்தும். கடலோரத் தீவில் இந்தச் சிறு மூடி அற்பப் பொருளன்று.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ கூடும். காலையில் 30 டிகிரியில் 110 இருந்த டயர், நெடுஞ்சாலையில் ஓடி 60 டிகிரியை எட்டும்போது 122 வரை காட்டலாம். இதைக் கண்டு காற்றைத் திறந்துவிடும் ஓட்டுநர், டயர் ஆறிய பிறகு குறைந்த அழுத்தத்துடன்தான் மறுநாள் புறப்படுவார். கோடையில் பலர் செய்யும் தவறு இது. ஹேவ்லாக் போன்ற இடங்களில் வண்டி இரவு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதால், முதல் நடைக்கு முன் அளப்பது எளிது.

குறைந்த காற்றுடன் ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதனால் உண்டாகும் வெப்பம் ரப்பருக்கும் எஃகு இழைகளுக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. பரிந்துரைக்கப்பட்ட அளவில் 20 சதவீதம் குறைந்த நிலையில், அதாவது 110-க்கு 88 பிஎஸ்ஐ அல்லது அதற்கும் கீழே ஓடிய டயரை, காற்றின்றி ஓடிய டயராகவே கருத வேண்டும் என்பது இத்துறையின் பொது விதி. அத்தகைய டயரில் வண்டியிலேயே வைத்துக் காற்றடிக்கக் கூடாது. முறிந்த எஃகு இழைகள் காற்றேறும்போது வரிசையாக அறுந்து, பக்கச்சுவர் ஜிப் திறப்பதுபோல் பிளந்து வெடிக்கும். அருகில் நிற்பவரின் உயிரையே பறிக்கக்கூடிய வெடிப்பு அது. ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைச் சோதித்த பின், இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.

இந்தச் சேதத்தின் விலை பின்னாளில், டயரைப் புதுப்பிக்கும் பட்டறையில்தான் தெரியவரும். தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சுரண்டி, பசை ரப்பர் இட்டு, புதிய டிரெட் பட்டையை ஒட்டி, வெப்ப அறையில் பல மணி நேரம் பதப்படுத்துவதே ரீட்ரேடிங். தமிழகத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதற்கெனச் சொந்தமாகவே டயர் புதுப்பித்தல் பிரிவுகளை நடத்துகின்றன. இதில் புதிதாகக் கிடைப்பது மேல்தோல் மட்டுமே. கேசிங் எனப்படும் உடற்கூடு பழையதுதான். அது கெட்டிருந்தால் ஒட்டுவதில் பயனில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். புதிய டயர் 21,000 ரூபாய் என்றும், புதுப்பிக்கும் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கான 7,000 ரூபாய் என்றும் கொள்வோம். கேசிங் நன்றாக இருந்தால் 7,000 ரூபாயில் டயருக்கு இரண்டாம் ஆயுள் கிடைக்கும். காற்றுக் குறைவால் அது நிராகரிக்கப்பட்டால் மீண்டும் 21,000 ரூபாய் தர வேண்டும். ஒரே டயரில் இழப்பு 14,000 ரூபாய். தீவுக்குக் கப்பல் கூலி தனி.

ஆனால் ஹேவ்லாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுக்கு 15,000 கி.மீ. மட்டுமே ஓடும் வண்டியில் டிரெட் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடைந்துவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயர் பிறந்த தேதியைச் சொல்லும். 2521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரம். வெடிப்புகள் ஓடிய பழைய கேசிங், டிரெட் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் புதுப்பிக்கத் தகுதியற்றது. ஆகவே குறைவாக ஓடும் வண்டிக்கு டயர்களை வாங்கிக் குவித்து வைப்பது சிக்கனமாகாது.

இடமாற்றத்திலும் உள்பக்க டயரே மையம். புதிய டயர்களை முன் அச்சில் ஓட்டி, ஓரளவு தேய்ந்ததும் பின்னுக்கு மாற்றுவதும், புதுப்பித்தவற்றைப் பின் அச்சில் மட்டுமே பயன்படுத்துவதும் பல நிறுவனங்களின் நடைமுறை. பின்னால் ஜோடி சேர்க்கும்போது இரு டயர்களின் விட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வேறுபாடு 6 மில்லி மீட்டருக்குள் அடங்குவது நல்லது. பஞ்சரான ஒன்றுக்குப் பதிலாகப் புதிய ஸ்டெப்னியை மாட்டும்போது இந்த விதி மீறப்படுகிறது. பழைய டயரில் 10 மி.மீ. டிரெட் தேய்ந்திருந்தால் விட்டம் 20 மி.மீ. குறைவு, சுற்றளவு சுமார் 63 மி.மீ. குறைவு. இரண்டும் ஒரே அச்சில் இணைந்து சுழல்வதால், கிலோ மீட்டருக்கு 300 சுற்றுகளில் மொத்தம் 19 மீட்டர் தூரத்துக்கான வேறுபாடு தரையில் உராய்ந்தே ஈடுகட்டப்படுகிறது. பெரிய டயர் சுமையில் பெரும்பகுதியை ஏற்க, சிறியது தேய்கிறது.

டீசலைப் பொறுத்தவரை, எல்லா டயர்களிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால் செலவு அரை முதல் ஒரு சதவீதம் வரை கூடும் என்பது பொதுவான மதிப்பீடு. லிட்டருக்கு 4 கி.மீ. தரும் லாரி ஆண்டுக்கு 1,20,000 கி.மீ. ஓடினால் 30,000 லிட்டர் டீசல் தேவை. ஒரு சதவீதம் என்பது 300 லிட்டர். நாமக்கல் உரிமையாளருக்கு இது பெருந்தொகை. ஹேவ்லாக் வண்டிக்கோ 3,750 லிட்டரில் ஒரு சதவீதம் 40 லிட்டருக்கும் குறைவு. அங்கே டீசலைக் காட்டி உரிமையாளரை அளவுமானி வாங்கவைக்க இயலாது. கேசிங்கைக் காட்டினால் இயலும்.

தேய்ந்த டயர் புதியதைவிட எளிதாக உருளும். டீசலும் சற்று மிச்சமாகும். இதைக் காரணம் காட்டி மொட்டை டயரில் ஓட்டுவோர் உண்டு. டிரெட் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் ஓட்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. புதுப்பிக்க நினைப்பவர்கள் 3 மி.மீ. அளவிலேயே கழற்றுவது நல்லது. ஈரமான ரப்பரைக் கூரிய கல் எளிதில் வெட்டும் என்பதால், பருவமழை நீண்டு பெய்யும் அந்தமானில் மெலிந்த டிரெட்டைத் துளைத்து எஃகு இழைவரை நீர் இறங்கும் ஆபத்து அதிகம். துருப்பிடித்த இழைகளைக் கொண்ட கேசிங்கைப் புதுப்பிக்க முடியாது.