டயலில் 180, ஓவனுக்குள் எவ்வளவு?

கேக்கின் நடுப்பகுதி குன்றுபோல் எழும்பி வெடித்திருக்கும். ஓரமெல்லாம் கருத்திருக்கும். வெட்டிப் பார்த்தால் நடுவில் மாவு ஈரமாகக் கத்தியில் ஒட்டும். உடனே பேக்கிங் பவுடர் மீது சந்தேகம் வரும். ஆனால் பெரும்பாலும் இது சூடு மிஞ்சியதன் அடையாளம். டின்னை ஒட்டிய மாவு சீக்கிரமே இறுகிவிட, இன்னும் இளகியிருக்கும் நடுமாவு மேல்நோக்கித்தான் பிதுங்க முடியும். சூடு குறைந்தாலோ, மாவுக்குள் காற்றுக் குமிழ்கள் உண்டாகும். அவற்றைத் தாங்கும் அளவுக்குச் சுற்றியுள்ள மாவு நேரத்தோடு வேகாது. கேக் வெளிறிப்போய் நடுவில் அமுங்கிவிடும்.

நம் வீடுகளில் இருக்கும் ஓ.டி.ஜி. ஓவன்களில் டயல் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் 20 டிகிரி வேறுபடுவது சாதாரணம். டயலுக்குப் பின்னால் இருக்கும் தெர்மோஸ்டாட், சூடு ஏறியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும். இறங்கியதும் மறுபடி இணைக்கும். அதனால் சூடு ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு, தெர்மோஸ்டாட் இருப்பது ஓவனின் ஓரத்தில். கேக் வேகுவது நடுவில். விளக்கு அணைந்தால் தெர்மோஸ்டாட் இருக்குமிடம் சூடாகிவிட்டது என்றுதான் பொருள்.

இதைக் கண்டுபிடிக்க, கம்பித் தட்டில் நிற்கவோ தொங்கவோ கூடிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. துப்பாக்கி வடிவில் குறிபார்த்து அளக்கும் கருவி, படும் பரப்பின் சூட்டைத்தான் சொல்லும். காற்றின் சூட்டைச் சொல்லாது.

கேக் டின் வைக்கும் அதே தட்டில், நட்ட நடுவில், முகம் கண்ணாடிக் கதவைப் பார்க்கும்படி தெர்மாமீட்டரை வையுங்கள். மேலும் கீழும் உள்ள இரண்டு ராடுகளையும் போட்டு, டயலை 180இல் திருப்புங்கள். விளக்கு அணைந்தாலும் பொருட்படுத்தாமல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு கதவைத் திறக்காமல், 5 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கதவைத் திறந்தால் சூடு சட்டென்று சரிந்து கணக்கே கெட்டுவிடும்.

ஆறு முறை எழுதியதில் 210, 202, 193, 205, 208, 194 என்று வந்தால் சராசரி 202. அதாவது ஓவன் 22 டிகிரி மிஞ்சுகிறது. 210ஐ மட்டும் பார்த்துவிட்டு 30 டிகிரி குறைத்தால் அடுத்த கேக் அமுங்கும். அதனால்தான் சராசரி முக்கியம். இப்போது டயலை 160க்கு இறக்கி மறுபடி இதே மாதிரி பாருங்கள். சராசரி 180ஐ ஒட்டி வந்தால், செய்முறையில் 180 என்று இருக்கும்போதெல்லாம் உங்கள் டயலில் 160. எல்லாச் சூட்டிலும் வித்தியாசம் ஒரே அளவாக இருக்காது. குக்கிக்கு 200 தேவைப்படுகிறவர்கள் அதையும் தனியாகச் சோதித்து, ஒரு சீட்டில் குறித்து ஓவன் பக்கவாட்டுச் சுவரில் அல்ல, அருகில் உள்ள அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம்.

சராசரி சரியாக வந்தபின்னும் ஓவனுக்குள் ஒரு மூலை அதிகமாகக் காயும். அதைக் காட்டித்தருவது வெள்ளை ரொட்டி. தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, சூடேறிய ஓவனில் வையுங்கள். ஒன்றிரண்டு பொன்னிறமானதுமே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டோடு எடுத்து, கலைக்காமல் ஒரு படம் எடுங்கள். பின்பக்க வலது மூலையில் இருந்தது சிவந்து, கதவோரத்தில் இருந்தது வெள்ளையாகவே இருந்தால் விஷயம் தெளிவு. துண்டுகளைப் புரட்டியும் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் கருத்திருந்தால் கீழ் ராடு மிக அருகில் இருக்கிறது. கேக்கை ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். மேல்பக்கம் கருத்திருந்தால் ஒரு படி இறக்க வேண்டும்.

மூலைச் சூட்டுக்கு டயல் மருந்தல்ல. டின்னைத் திருப்பி வைப்பதுதான் வழி. 40 நிமிட கேக் என்றால், நடுப்பகுதி இறுகியபின், ஏறக்குறைய 30ஆவது நிமிடத்தில் திருப்புங்கள். அதற்கு முன் கதவைத் திறந்தால் கேக் அமுங்கும். டின்னுக்கும் ஓவன் சுவருக்கும் இடையே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

மின்னழுத்தம் குறையும் மாலைகளில் கவனம் தேவை. 230 வோல்ட் 200ஆக இறங்கினால் ராடின் திறன் முக்கால் பங்காகிவிடும். தெர்மோஸ்டாட் குறித்து வைத்த சூட்டில்தான் துண்டிக்கும். அங்கே போய்ச் சேரத்தான் நேரமாகும். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல், தெர்மாமீட்டர் 180ஐத் தொட்டபின் மாவை உள்ளே வையுங்கள். ராடையோ தெர்மோஸ்டாட்டையோ மாற்றினால், பழைய சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.