ஆறே முக்கால் ரூபாயில் ஒரு சாம்பார்

பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தையின் ஒருவேளைச் சமையல் பொருட்களுக்கு 2025 மே மாதம் முதல் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் தொகை 6 ரூபாய் 78 காசு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. அரிசி இதில் சேராது, அது தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, அடுப்பெரிக்கும் எரிவாயு எல்லாம் இந்தக் காசுக்குள் அடங்க வேண்டும். தமிழ்நாட்டில் தினமும் கொடுக்கப்படும் முட்டை மாநில அரசின் செலவு.

பணத்துக்கு வரம்பு இருப்பதுபோல் சத்துக்கும் வரம்பு உண்டு. சின்னக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். பெரிய குழந்தைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். இதை எட்டுவதற்குச் சின்னவர்களுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5 கிராம் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு எல்லாமே ஒன்றரை மடங்கு.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புகளில் 90 பேர், மேல் வகுப்புகளில் 60 பேர், மொத்தம் 150. கணக்கை எளிதாக்க ஒரு வழி இருக்கிறது. பெரியவர்கள் 60 பேருக்கு வேண்டியது சின்னவர்கள் 90 பேருக்கு வேண்டிய அளவேதான். ஆகவே 180 சின்னத் தட்டுகளுக்குச் சமைப்பதாக வைத்துக்கொண்டால் போதும். அரிசி 18 கிலோ, பருப்பு 3 கிலோ 600, நறுக்கிய காய் 9 கிலோ, எண்ணெய் 900 கிராம். காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு இந்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்ட பிறகே அடுப்பு பற்ற வேண்டும். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கு உலை வைத்தால் மீந்துபோகும்.

இப்போது காசு. விலை ஊருக்கு ஊர் மாறும். ஓர் எடுத்துக்காட்டுக்குத் துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய், காய் 40, எண்ணெய் 140 என்று வைப்போம். ஒரு சின்னத் தட்டுக்குப் பருப்பு 2.40, காய் 2.00, எண்ணெய் 0.70. கூட்டினால் 5.10. மிச்சம் 1 ரூபாய் 68 காசில் புளி, மிளகாய், மல்லி, உப்பு, எரிவாயு. இழுத்துப் பிடித்தால் சமாளிக்கலாம். ஆனால் தக்காளியும் வெங்காயமும் ஏறி, காயின் சராசரி விலை 80 ரூபாய் ஆகிவிட்டால் காய்க்கு மட்டுமே நாலு ரூபாய் போய்விடும். மசாலாவுக்குக்கூடக் காசு இருக்காது. தமிழ்நாட்டில் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாகப் பொருளாகவே வந்துவிடுவதால், சத்துணவு அமைப்பாளர் கையில் எடுத்துச் செலவு செய்வது காய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்குத்தான். விலை ஏறும்போது முதலில் மெலிவது காய் என்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கு வழி, மெனுவில் காயின் பெயரை மட்டும் எழுதாமல், அதற்கு ஈடான இரண்டு காய்களையும் சேர்த்து எழுதி வைப்பது. கத்தரி கிடைக்காவிட்டால் பரங்கி, அதுவும் இல்லையென்றால் பப்பாளிக்காய் என்று முன்பே முடிவாகியிருந்தால், சந்தையில் நின்று யோசிக்க வேண்டாம். விலையை ஒப்பிடும்போது தோலும் காம்பும் போக மிஞ்சுவதன் விலையைத்தான் பார்க்க வேண்டும். கீரை கிலோ 30 ரூபாய் என்று மலிவாகத் தெரியும். தண்டு கழித்துப் பாதிதான் மிஞ்சுகிறது என்றால் அது உண்மையில் 60 ரூபாய்க் கீரை. பரங்கியில் அத்தனை கழிவு இல்லை. பள்ளி வளாகத்தில் ஒரு முருங்கை நின்றால் இந்தக் கவலையில் பாதி தீரும்.

வெங்காயம் தக்காளியைக் குறைத்தால் ருசி கொஞ்சம் இறங்கும், சத்து பெரிதாகக் குறையாது. பருப்பு அப்படியில்லை. சின்னத் தட்டில் 100 கிராம் அரிசியே சுமார் 8 கிராம் புரதம் தருகிறது. 20 கிராம் பருப்பு தருவது நாலு கிராமுக்குச் சற்று மேல். காயையும் சேர்த்தால் 13 கிராம், அதாவது இலக்கைத் தாண்டியது ஒரே ஒரு கிராம். பருப்பைப் பாதியாக்கினால் 11 கிராமுக்கு இறங்கிவிடும். அதோடு, அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற கூறைப் பருப்புதான் ஈடுகட்டுகிறது. முட்டை இருக்கிறதே என்பார்கள். ஒரு முட்டை சுமார் 6 கிராம் புரதம் தருவது உண்மைதான். முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அதில் இருப்பது ஒரு கிராம் அளவுதான். அந்தக் குழந்தைக்குப் பருப்பும் சுண்டலும்தான் கதி. எலுமிச்சை சாதம் போடும் நாளில் பருப்புக் குழம்பு இருக்காது என்பதால், அன்று கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்துக்கொள்வது நல்ல திட்டம்.

பருப்பு சரியாக எடை போட்டு அடுப்பில் ஏறிவிட்டது. குழந்தையின் தட்டுக்கு வந்ததா? 180 தட்டுக்குத் தலைக்கு 200 மில்லி வீதம் 36 லிட்டர் சாம்பார் வேண்டும். 3 கிலோ 600 பருப்பை அதில் கலந்தால் லிட்டருக்கு 100 கிராம், 200 மில்லி கரண்டிக்குச் சரியாக 20 கிராம். அழகான கணக்கு. ஆனால் பருப்பு அரைவேக்காடாக இருந்தால் அண்டாவின் அடியில் போய்த் தங்கிவிடும். மேலாக மொண்டு ஊற்றினால், வரிசையின் முன்னால் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கிடைப்பது மஞ்சள் தண்ணீர். கடைசியில் வரும் எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கெட்டிப் பருப்பு. பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடியோடு துழாவி மொள்ள வேண்டும். கரண்டியின் அளவையும் ஒருமுறை அளக்கும் ஜாடியில் ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது. 150 மில்லி கரண்டியை 200 என்று நினைத்துப் பரிமாறினால், தினமும் கால் பங்கு பருப்பு அண்டாவிலேயே நின்றுவிடும்.

வீட்டுச் செய்முறையை 40 மடங்காகப் பெருக்குவதும் ஆபத்து. பெரிய அண்டாவில் ஆவியாகும் தண்ணீரின் பங்கு குறைவு. வீட்டு விகிதத்தில் தண்ணீர் வைத்தால் சாதம் குழைந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகும் அண்டாவின் நடுவில் உள்ள சூட்டில் சாதம் வெந்துகொண்டே இருப்பதால், ஒரு பருக்கு முன்னதாகவே இறக்க வேண்டும். 18 கிலோவை இரண்டு ஈடாக வேகவைப்பது உத்தமம். மிளகாய், புளி, பெருங்காயத்தை முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்த பிறகு மிச்சத்தைச் சேர்க்கலாம். காரம் தூக்கிவிட்டால் சின்னப் பிள்ளைகள் சாம்பாரைத் தள்ளிவிட்டு வெறும் சாதத்தைத் தின்று எழுந்துவிடுவார்கள். கணக்கிட்ட பருப்பெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். எனவே சாப்பாடு முடிந்ததும் மீதியை எடைபோடுவதை நான் மெனுத் திட்டத்தின் ஒரு பகுதி என்றே சொல்வேன். எந்த நாளில் அதிகம் கொட்டப்படுகிறதோ அந்த நாளின் மெனுவை மாற்ற வேண்டும்.

உங்கள் பிள்ளை சத்துணவு சாப்பிடுகிறது என்றால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஒருநாள் மதியம் போய்ப் பாருங்கள். சமையலறையில் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். வரிசையில் முதல் தட்டையும் கடைசித் தட்டையும் பக்கத்தில் வைத்துச் சாம்பாரின் கெட்டியை ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் சமையலரைக் குறை சொல்லாமல், ஒரு மத்தும் அளவு சரியான ஒரு கரண்டியும் வாங்கிக் கொடுங்கள்.