சாவி கொடுத்தாச்சு, அட்வான்ஸ் எங்கே?

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த இரண்டாம் வாரம் ஹவுஸ் ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வருகிறது. சென்னையில் மாதம் 14,000 ரூபாய் வாடகையில் நான்கு வருடம் இருந்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 70,000. பட்டியலில் பெயின்டிங் 14,000, வயரிங் வேலை 4,000, கடைசி கரண்ட் பில் 1,860, குளியலறைக் குழாய் மாற்றியது 1,200, சாக்கடை அடைப்பு எடுத்தது 1,500. "மொத்தம் 22,560 போக 47,440 தருகிறேன்" என்கிறார் ஓனர்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "ஒரு பைசா பிடிக்கக் கூடாது" என்று கோபத்தில் எழுதுகிறார்கள், இல்லையென்றால் சண்டை வேண்டாம் என்று கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. பட்டியலை வரி வரியாகப் பார்த்து, நம்முடையதை ஒப்புக்கொண்டு, மற்றதை மறுப்பதுதான் பணத்தை மீட்கும் வழி.

எது நம்முடையது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் லைன் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாயும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை சுத்தம், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். புழக்கத்தில் வரும் இயல்பான தேய்மானத்துக்கு யாரும் பணம் பிடிக்க முடியாது. அட்வான்ஸை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஒரு சிக்கலும் உண்டு. "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். நாம் கையெழுத்துப் போட்ட வரி அது. ஓனர் அதைத்தான் நீட்டுவார். அதன் பிறகு பேரம் கடினம். எனவே பதில் எழுதும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நம் உதாரணக் குடும்பத்தின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. ஆனால் ஒரு சுவரில் குழந்தை கிரேயானால் கிறுக்கியிருக்கிறது. அது தேய்மானம் இல்லை, சேதம். அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. மற்ற மறுப்புகளுக்கும் அது வலு சேர்க்கும்.

அவர்கள் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். மே 31 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை உங்களிடம் கொடுத்தோம். அட்வான்ஸ் 70,000. நீங்கள் அனுப்பிய பட்டியலில் கரண்ட் பில் 1,860, குழாய் 1,200, சாக்கடை 1,500 ஆகியவற்றை ஏற்கிறோம். ஹாலில் குழந்தை கிறுக்கிய சுவருக்கு 2,000 தருகிறோம். வீடு முழுக்கப் பெயின்ட் அடிப்பதும் வயரிங்கும் வாடகைச் சட்டப்படி ஓனர் பொறுப்பு. நான்கு வருடப் புழக்கத்தில் பெயின்ட் மங்குவது இயல்பு. அந்த இரண்டையும் ஏற்க இயலாது. காலி செய்த அன்று எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். செலவுக்கான பில் இருந்தால் அனுப்புங்கள். 70,000-இல் 6,560 போக 63,440 வர வேண்டும். நீங்களே தருவதாகச் சொன்ன 47,440-ஐ இப்போது அனுப்பிவிடுங்கள். மீதி 16,000-ஐ ஜூன் 30-க்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்."

இதில் உயிர்நாடி கடைசி மூன்று வாக்கியங்கள். தகராறு இருப்பது 16,000 ரூபாயில் மட்டும்தான். அதற்காக மொத்த அட்வான்ஸையும் ஓனர் நிறுத்திவைக்க இடம் கொடுக்கக் கூடாது. தொகையைப் பிரித்து எழுதாத செய்திகள்தான் மாதக்கணக்கில் இழுக்கின்றன.

பணம் தரும்போது சில ஓனர்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் மீதியைக் கேட்கும் வாய்ப்பை நாமே அடைத்துவிடுகிறோம். "பகுதித் தொகை 47,440 பெற்றேன், மீதி 16,000 நிலுவை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வங்கி வழியாகவே வாங்குங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு வாடகை அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள். பெயின்டிங் வரி இருந்தால் அன்றைக்கே அடிக்கச் சொல்லுங்கள்.