குழந்தை தட்டிய ‘வைரம்’: பணம் திரும்பக் கேட்பது எப்படி?

பையன் விளையாடிக்கொண்டிருந்த கேமில் ‘வைரம்’ வாங்கிவிட்டான். கார்டில் 899 ரூபாய் போய்விட்டது. கேம் நிறுவனத்தைத் திட்டி எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே கேட்க வேண்டும். அதன் பிறகென்றால் கேமை உருவாக்கியவர்களிடம் போகச் சொல்வார்கள். ஆப்பிள் போன் என்றால் reportaproblem.apple.com பக்கம்.

மின்னஞ்சலில் வந்த ரசீதைத் திறந்தால் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். கடிதத்துக்கு அதுதான் உயிர். இவ்வளவு எழுதினால் போதும்:

“என் 7 வயது மகன், என் அனுமதியின்றி, நேற்று மாலை என் போனில் 899 ரூபாய்க்கு வைரம் வாங்கிவிட்டான். ஆர்டர் எண் இது. வாங்கிய வைரம் பயன்படுத்தப்படவில்லை. தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

வைரத்தைச் செலவழித்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பொய் வேண்டாம். மூன்று முறை வாங்கியிருந்தால் மூன்று ஆர்டருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இந்தப் புகார் புதிதல்ல. பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டதும், அடுத்த 15 நிமிடம் குழந்தைகள் கேட்பாரின்றி வாங்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2014இல் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

பணம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பை இன்றே மாற்றிவிடுங்கள்.