டயர் கணக்கில் 273 எதற்கு?

நெடுந்தூரம் ஓட்டி வந்த காரைக் காற்று பிடிக்க நிறுத்தினால், "கொஞ்சம் ஆறட்டும் சார், இப்ப கேஜ் கூடத்தான் காட்டும்" என்பார் பஞ்சர் கடைக்காரர். எவ்வளவு கூடக் காட்டும்? பதினோராம் வகுப்பு வேதியியலில் வரும் வாயு விதிக் கணக்கு இதுதான்.

காலையில் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், கேஜ் காட்டியது 30 பிஎஸ்ஐ. ஓடிய பிறகு டயருக்குள் 57 டிகிரி. டயர் அதிகம் விரியாது. அதனால் பருமன் மாறவில்லை என்று கொள்ளலாம். அப்போது அழுத்தம் வெப்பநிலையின் விகிதத்தில் ஏறும்.

அவசரக்கார மாணவர் 57-ஐ 27-ஆல் வகுத்து, 30-ஆல் பெருக்கி, 63 பிஎஸ்ஐ என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் அழுத்தம் இப்படி இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? இதே வெப்பநிலைகளை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 80.6, 134.6. இப்போது விகிதம் ஏறக்குறைய 1.67. வெப்பமானியை மாற்றியதும் விடையும் மாறுகிறது என்றால், தவறு விகிதத்தில் இருக்கிறது.

செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் புள்ளி. அங்கே வாயுவின் அழுத்தம் பூஜ்யம் ஆகிவிடுவதில்லை. நல்லியல்பு வாயுவின் அழுத்தம் பூஜ்யத்தைத் தொடும் இடம் -273.15 டிகிரி. கெல்வின் அளவு அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. ஆகவே 27 என்பது 300 கெல்வின், 57 என்பது 330 கெல்வின். விகிதம் 1.1.

30-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 33. இதுவும் சரியான விடை அல்ல! கேஜின் பூஜ்யமும் உண்மைப் பூஜ்யம் இல்லை. காற்று இறங்கிய டயரில் கேஜ் பூஜ்யம் காட்டினாலும், உள்ளே வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐ இருக்கவே செய்கிறது. அதையும் கூட்டினால் 44.7. அதை 1.1-ஆல் பெருக்கினால் 49.2. மறுபடி 14.7-ஐக் கழித்தால் கேஜ் காட்ட வேண்டியது 34.5 பிஎஸ்ஐ. கடைக்காரர் சொன்ன 'கூட' என்பது நாலரை பிஎஸ்ஐ.

எல்லாக் கணக்கிலும் 273-ஐக் கூட்ட வேண்டியதில்லை. பாயில் விதிக் கணக்கில் வெப்பநிலை மாறாது. அது சமன்பாட்டுக்குள் வரவே வராது. 'வெப்பநிலை எத்தனை டிகிரி உயர்ந்தது' என்று வித்தியாசத்தை மட்டும் கேட்டாலும் தேவையில்லை: 57-இலிருந்து 27 போனால் 30, 330-இலிருந்து 300 போனாலும் 30. வெப்பநிலையால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும்தான் கெல்வின் கட்டாயம். PV = nRT-இலும் சார்லஸ் விதியிலும் T நிற்பது அப்படித்தான்.

விடையைச் செல்சியஸில் கேட்டிருந்தால், கடைசி வரியில் 273-ஐக் கழித்துவிட்டுப் பேனாவை மூடுங்கள்.